முகம் பளிச், பின்னால் இருட்டு: படத்தைக் காப்பாற்றுவது எப்படி?

விசேஷ வீட்டுப் படங்களில் அடிக்கடி நடப்பது இது. முன்னால் நிற்பவர்கள் பளிச்சென்று இருப்பார்கள். பின்னால் நிற்பவர்கள் இருட்டுக்குள் போயிருப்பார்கள். படத்தின் வெளிச்சத்தை மொத்தமாகக் கூட்டினால், நன்றாக இருந்த முகங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடும். பின்னணியை மட்டும் தனியாகப் பிரித்து வெளிச்சம் ஏற்றுவதுதான் வழி.

இப்படி ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். திருக்கடையூரில் அப்பா, அம்மாவின் அறுபதாம் கல்யாணம். மாலையும் கழுத்துமாக இருவரும் நிற்க, போனின் ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்தது. பின்னால், மண்டபத்தூண் பக்கத்தில் பெரியப்பா நிற்கிறார். அவர் இப்போது இல்லை. அன்றைக்கு அவர் விழுந்த படம் இது ஒன்றுதான். ஆனால், வெள்ளை வேட்டி தெரிகிற அளவுக்கு முகம் தெரியவில்லை.

ஏன் இப்படி? ஃபிளாஷ் வெளிச்சம் தூரம் போகப்போக வேகமாகக் குறையும். அப்பா, அம்மா 2 மீட்டரில் இருக்கிறார்கள், பெரியப்பா 6 மீட்டரில் இருக்கிறார் என்றால், தூரம் மூன்று மடங்கு. அவர்மேல் விழும் வெளிச்சமோ ஒன்பதில் ஒரு பங்குதான். கேமராவும் முன்னால் இருக்கும் முகத்துக்கு ஏற்றபடி அளவை வைத்துக்கொள்வதால் பின்பக்கம் இருண்டுவிடுகிறது.

முதலில் ஒரு சோதனை

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் வேலையை ஆரம்பிக்காதீர்கள். அனுப்பும்போது அது சுருக்கப்பட்டிருக்கும். சுருக்கத்தில் முதலில் அடிபடுவது இருட்டில் இருக்கும் நுணுக்கங்கள்தான். படம் எடுத்தவரின் போனிலிருந்து ஒரிஜினல் ஃபைலை வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும்.

அதை லைட்ரூம் ஆப்பில் திறந்து, Exposure பட்டையைக் கடைசிவரை வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள். இது சோதனைக்கு மட்டும். பெரியப்பாவின் இடத்தில் புள்ளிபுள்ளியாக இருந்தாலும் நெற்றி, மூக்கு, மீசை என்று உருவம் தெரிந்தால் படத்தை மீட்கலாம். வெறும் சாம்பல் நிறமோ சதுரம் சதுரமான கட்டங்களோ மட்டும் வந்தால் அங்கே பதிவே இல்லை என்று அர்த்தம். இல்லாததை எந்தப் பட்டையும் கொண்டுவராது. பார்த்ததும் Exposure அளவைப் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பின்னணியைப் பிரிப்பது

மாஸ்க் என்பது 'இந்த இடத்தில் மட்டும் வேலை செய்' என்று ஆப்புக்குப் போட்டுக்காட்டும் எல்லை. Masking பகுதிக்குப் போய் Select Background என்பதைத் தொட்டால், ஆப் தானாகவே பின்னணியைப் பிரித்துச் சிவப்பாகக் காட்டும். (இந்த வசதிக்குச் சந்தா கேட்கலாம்.)

அது பிரித்ததை அப்படியே நம்ப வேண்டாம். பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள்: தலைமுடியின் ஓரம், மாலையில் தொங்கும் பூச்சரம், கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள சந்து. சந்தில் சிவப்பு விழாமல் இருந்தால் Add கொடுத்து பிரஷ்ஷால் தீட்டுங்கள். அம்மாவின் கன்னத்தில் சிவப்பு ஏறியிருந்தால் Subtract கொடுத்து அழியுங்கள். பெரியப்பாவையும் முன்னால் நிற்பவர்களோடு சேர்த்து ஆப் ஒதுக்கியிருக்கலாம். அப்படியானால் அவரையும் Add மூலம் மாஸ்க்குக்குள் கொண்டுவர வேண்டும்.

எவ்வளவு ஏற்றுவது?

Exposure ஒன்று கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்காகும். பெரியப்பாவை முன்னால் நிற்பவர்கள் அளவுக்குக் கொண்டுவர மூன்றுக்குமேல் ஏற்ற வேண்டியிருக்கும். அது வேண்டாம். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைப்போலவே பளிச்சென்று இருந்தால், ஸ்டுடியோ திரையில் வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். இந்தப் படத்துக்கு 1.2 முதல் 1.5 வரை போதும்.

இப்போது படம் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் வெளிறித் தெரியும். கறுப்பாக இருக்கவேண்டிய இடமும் சேர்ந்து சாம்பலாகிவிட்டதுதான் காரணம். அதே மாஸ்க்கில் Blacks அளவை மைனஸ் 10, 15 என்று இறக்கினால் தூணின் நிழலுக்குக் கறுப்பு திரும்பும், படமும் நிற்கும். பின்னால் டியூப்லைட் ஏதாவது கண்ணைக் கூசினால் Highlights அளவைக் குறையுங்கள்.

அம்மாவின் தலைமுடியைச் சுற்றி வெளிச்சக்கோடு ஒன்று ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால், ஏற்றியது அதிகம் அல்லது மாஸ்க்கின் ஓரம் சரியில்லை. முதலில் Exposure அளவைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் ஓரத்தை பிரஷ்ஷால் சரிசெய்யுங்கள்.

புள்ளிகளை அடக்குவது

வெளிச்சம் ஏறியதும் இருட்டில் ஒளிந்திருந்த புள்ளிகளும் வெளியே வரும். இதைத்தான் நாய்ஸ் என்கிறார்கள். அங்கே விழுந்த ஒளியே கொஞ்சம். அதைப் பெருக்கும்போது அதிலிருந்த பிசிறும் சேர்ந்து பெருகுகிறது. அதனால்தான் வெளிச்சத்தை ஏற்றி முடித்த பிறகு நாய்ஸைக் கவனிக்க வேண்டும்.

இதில் இரண்டு வகை. வேட்டியிலும் சுவரிலும் சிவப்பு, பச்சையாகத் தெரிவது நிறப்புள்ளி. மணல் தூவியதுபோல் இருப்பது வெளிச்சப்புள்ளி. கண்ணை அதிகம் உறுத்துவது நிறப்புள்ளிதான். முகத்தின் வடிவம் அதில் இல்லை என்பதால் துணிந்து நீக்கலாம். Detail பகுதியில் Color Noise Reduction அளவை 25-லிருந்து 40-க்குள் வையுங்கள். இது படம் முழுவதற்கும் பொருந்தும். எனவே அம்மாவின் குங்குமமும் புடவை பார்டரும் மங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சப்புள்ளியில்தான் நிதானம் தேவை. மாஸ்க்குக்குள் இருக்கும் Noise பட்டையை 20 வரை ஏற்றி, பெரியப்பாவின் மீசையைப் பாருங்கள். பிறகு ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். மீசை முடிகள் ஒன்றாகக் குழைந்து மை பூசியதுபோல் ஆகும் இடம் ஒன்று வரும். அதுதான் எல்லை. அதற்கு முந்தைய அளவுக்குத் திரும்பிவிடுங்கள். எல்லாப் புள்ளியும் போகட்டும் என்று மேலும் ஏற்றினால், முகம் மெழுகு பொம்மையாகிவிடும். புள்ளி இருந்தாலும் அது பெரியப்பா முகம். மெழுகானால் அது யாரோ ஒருவர் முகம்.

எல்லாம் முடிந்த பிறகு, முன்னால் இருப்பவர்கள் கூர்மையாகவும் பின்னணி வழவழப்பாகவும் ஒட்டாமல் தெரியலாம். Effects பகுதியில் Grain அளவை 8 அல்லது 10 வையுங்கள். படம் முழுக்க மெல்லிய மணல்போல ஒரே மாதிரிப் பரவி, இரண்டையும் சேர்த்துவிடும்.

எதற்குத் தாங்கும்?

வேலை செய்யும்போது படத்தை மிகவும் பெரிதாக்கியே பார்த்துக்கொண்டிருந்தால் இல்லாத குறையெல்லாம் தெரியும். அவ்வப்போது முழுப்படமாக, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். 4-க்கு 6 அங்குல பிரின்டில், மிச்சமிருக்கும் புள்ளிகள் பெரும்பாலும் கண்ணில் படாது. ஆனால், பெரியப்பாவின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிய ஃபிரேம் போட இந்தப் படம் தாங்காது. அப்பா, அம்மாவோடு சேர்ந்து நிற்கும் முழுப்படமாகவே பிரின்ட் போடுங்கள். திருத்திய படத்தைத் தனி ஃபைலாகச் சேமியுங்கள். ஒரிஜினலை அழிக்க வேண்டாம்.