ஒன்று–பூஜ்யம்–பூஜ்யம்

மருந்துச் சீட்டில் 1-0-0 என்று எழுதும் வழக்கத்தின் மேல் எனக்குக் கோபம். காலையில் ஒன்று என்பது சரி. காலையில் எப்போது, எதோடு என்பதை அந்த மூன்று எண்கள் சொல்வதில்லை.

என் மனைவிக்குப் பல வருடங்களாகத் தைராய்டு குறைவு. தினம் 75 மைக்ரோகிராம் லெவோதைராக்ஸின் மாத்திரை. டி.எஸ்.எச். அளவு 3-ஐ ஒட்டி ஒழுங்காக இருந்தது. போன வருடம் எலும்புத் தேய்மானத்துக்குக் கால்சியமும், இரத்தசோகைக்கு இரும்புச்சத்தும் சேர்ந்தன. மூன்றுக்கும் சீட்டில் 1-0-0 தான். சொன்னபடி கேட்பவள், மூன்றையும் ஒரே வாயில் போட்டு, கையோடு காபியும் குடித்தாள்.

மூன்று மாதத்தில் சோர்வு, மலச்சிக்கல், கால் வீக்கம். டி.எஸ்.எச். 9.6. உடனே மாத்திரை 100 ஆக உயர்ந்தது. எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்கும் நண்பர், "வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதானே ஐயா?" என்றார். ஒன்றல்ல, ஐயா. கால்சியமும் இரும்பும் குடலில் தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொள்கின்றன. மருந்தில் ஒரு பங்கு இரத்தத்தில் சேராமலே வெளியே போய்விடுகிறது. காபியும் அதைத் தடுக்கும். அதைச் சரிசெய்யாமல் அளவை மட்டும் கூட்டினால், என்றைக்குக் கால்சியத்தை நிறுத்துகிறோமோ அன்றிலிருந்து மருந்து மிகையாகும். நம் வயதில் அது இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கும், எலும்பையும் கரைக்கும். எலும்புக்குக் கால்சியம் தின்று எலும்பை இழப்பதா?

புது மாத்திரையைத் தொடங்குமுன் டாக்டரிடம் திரும்பப் போய், மூன்றும் ஒன்றாகப் போவதைச் சொன்னேன். அவர் 75-லேயே நிறுத்தி, நேரத்தை மாற்றினார். காலை 5 மணிக்கு எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரோடு. 6 மணிக்குக் காபி, பிறகு பலகாரம். மதியச் சாப்பாட்டோடு கால்சியம். இரும்பைக் கால்சியமும் தடுக்கும் என்பதால் அது மாலை 5 மணிக்கு, காபி, டீ இல்லாமல். எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். 3.1.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு 'அ ழேன்' என்ற சொல் தெரியும். வெறும் வயிற்றில் என்று பொருள். அதைத் தமிழில் ஒரு வரி எழுத எத்தனை நொடி ஆகும்? "எழுந்ததும் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால், கால்சியம், இரும்புக்கு நான்கு மணி நேர இடைவெளி." முப்பது வருடம் அரசாங்கக் கோப்பில் குறிப்பு எழுதியவன் நான். இவ்வளவு அரைகுறையாக ஒரு குறிப்பு எழுதியிருந்தால் என் மேலதிகாரி திருப்பி அனுப்பியிருப்பார்.

நீங்களும் திருப்பிக் கேளுங்கள். டி.எஸ்.எச். ஏறி அளவைக் கூட்டினால், உங்கள் மாத்திரை டப்பாவை அப்படியே டாக்டர் மேஜையில் திறந்து வையுங்கள். நீங்களாக அளவை மாற்றாதீர்கள். நேரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.