பாதிப் பதிலும் மீதிப் புரட்டும்

தமது கிராமத்துத் தார் ரோட்டுக்காகச் செலவான பணத்தின் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்ட ஒரு தோழர், தமக்கு வந்த பதிலை நமக்கு அனுப்பி, “பாதி கொடுத்தார்கள், பாதி மறுத்தார்கள், இனி என்ன செய்வது?” என்று கேட்கிறார். இம்மாதிரிப் பதில் அநேகருக்கு வருவதால் யாவருக்குமாகவே எழுதுகிறோம்.

தோழர் கேட்டவை நான்கு. மதிப்பீட்டின் நகல் கொடுக்கப்பட்டுவிட்டது. ரோட்டை அளந்து எழுதிய அளவுப் புத்தகம், கண்ட்ராக்டரின் “வர்த்தக ரகசியம்” என்று பிரிவு 8(1)(d)-யின் கீழ் மறுக்கப்பட்டது. பணம் கொடுத்த பில், “சொந்த விவரம்” என்று 8(1)(j)-யின் கீழ் மறுக்கப்பட்டது. “ஆறு மாதத்தில் ரோடு ஏன் பெயர்ந்தது?” என்ற நான்காவது கேள்விக்கு “அப்படிப்பட்ட தகவல் எதுவும் இல்லை” என்று பதில்.

நான்காவது பதில் நியாயமானதே. 2005-ம் வருடத்துச் சட்டம், ஆபீசில் உள்ள தஸ்தாவேஜுகளைக் கொடுக்கச் சொல்லுகிறதே ஒழிய, “ஏன்?” என்பதற்குப் புதிதாகக் காரணம் கற்பித்து எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. ரோட்டைச் சோதித்த அறிக்கையின் நகலைக் கேட்டிருந்தால் வேறு விஷயம். அதைப் புது மனுவில் கேட்கலாம்; அப்பீலில் புதுக் கேள்வி சேர்க்கலாகாது.

ஆனால் அளவுப் புத்தகம் யாருடைய ரகசியம்? அதை எழுதியவர் கண்ட்ராக்டரா? அல்லவே! சர்க்கார் சம்பளம் வாங்கும் என்ஜினீயர், போட்ட ரோட்டின் நீளம், அகலம், கனம் இவ்வளவு என்று அளந்து எழுதிய புத்தகம் அது. அதை நம்பித்தான் பொது ஜனங்களின் வரிப் பணம் கொடுக்கப்பட்டது. வெளியிட்டால் கண்ட்ராக்டரின் தொழில் போட்டிக்குக் கெடுதி வரும் என்று காட்டினால்தான் இந்தப் பிரிவு நிற்கும். வேலை முடிந்து பணமும் பட்டுவாடா ஆன பிறகு போட்டி எங்கிருந்து வந்தது? எப்படிக் கெடுதி வரும் என்று ஒரு வார்த்தைகூட எழுதாமல் பிரிவின் எண்ணை மாத்திரம் எழுதிவிட்டால் அது காரணமாகிவிடுமா? மறுத்தது நியாயம் என்று ருஜுப்பிக்க வேண்டிய பாரம் மறுத்தவர் தலைமேலேயே இருக்கிறது என்று பிரிவு 19(5) சொல்லுகிறது.

பில் விஷயம் சற்றுக் கடினமானது. 2023-ம் வருடத்துச் சொந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் 8(1)(j) மாற்றப்பட்டு, 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. முன்பு அப்பிரிவுக்குள்ளேயே இருந்த பொதுநல விதிவிலக்கு இப்போது அங்கே இல்லை. “சொந்த விவரம்” என்றாலே போதும் என்று உத்தியோகஸ்தர்கள் நினைக்கக்கூடும். ஆயினும் இரண்டு வாசல்கள் அடைபடவில்லை. ஒன்று, பிரிவு 8(2): மறைப்பதால் காக்கப்படும் நலத்தைவிட வெளியிடுவதில் பொதுநலம் மிகுந்திருந்தால் கொடுக்கலாம். மற்றொன்று, பிரிவு 10: மறைக்கத்தக்க பாகத்தை நீக்கிவிட்டு மற்றதைக் கொடுக்க வேண்டும். கண்ட்ராக்டரின் பாங்கிக் கணக்கு எண்ணை மை பூசி மறைக்கட்டும். தொகை, தேதி, வேலையின் அளவு ஆகியவற்றில் யாருடைய சொந்த வாழ்க்கை அடங்கியிருக்கிறது? ஒரு வரிக்காக முழுக் காகிதத்தையும் பூட்டி வைப்பது சட்டமல்ல, புரட்டு.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். மறுக்கும் பதிலில் காரணமும், அப்பீல் செய்யும் கெடுவும், யாருக்கு அப்பீல் என்பதும் இருக்க வேண்டுமென்று பிரிவு 7(8) விதிக்கிறது. தோழருக்கு வந்த பதிலில் கடைசி இரண்டும் இல்லை. இதையும் அப்பீலில் எழுத வேண்டும்.

இனி வழி. பதில் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள், அதே இலாகாவில் தகவல் அலுவலருக்கு மேற்பட்ட அப்பீல் அதிகாரிக்கு எழுதுக. தபால் முத்திரையுள்ள உறையை எறிந்துவிடாதீர்கள். கெடுவுக்கு அதுவே சாட்சி. வசவும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். ஒவ்வொரு மறுப்புக்கும் மூன்று வரி போதும்: கேட்டது இது, மறுத்த காரணம் இது, அது செல்லாததற்குக் காரணம் இது. அளவுப் புத்தகத்தை முழுதாகவும், பில்லைக் கணக்கு எண் நீக்கியும் தர உத்தரவிடக் கோருக. நான்காவதை விட்டுவிடுக, செல்லாத வாதம் ஒன்று இருந்தால் அதையே பிடித்துக்கொண்டு மற்றவைகளையும் தள்ளுவார்கள்.

அந்த அதிகாரி 30 நாளில், காரணம் எழுதினால் 45 நாளுக்குள், முடிவு செய்ய வேண்டும். முடிவு பாதகமானாலோ, வாய் திறவாமல் இருந்தாலோ, அதிலிருந்து 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது அப்பீல். சிலர் இதை விட்டுப் பிரிவு 18-ன் கீழ்ப் புகார் மாத்திரம் அனுப்பிக் காத்திருக்கிறார்கள். புகாரால் தண்டம் விதிக்கலாமே தவிர, காகிதத்தைக் கொடுக்கச் சொல்ல முடியாது. அதற்கு அப்பீலே வழி என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் மணிப்பூர் வழக்கில் சொல்லிவிட்டது. ஆணையத்தில் காலதாமதம் உண்டு. ஆனால் கெடுவைத் தவறவிட்டவர் அந்தத் தாமதத்தைக் குறை சொல்லவும் யோக்கியதை இழந்தவராவார்.

கையெழுத்தும் முத்திரையும் இருப்பதாலேயே ஒரு மறுப்பு வேதவாக்காகிவிடாது. காரணத்தைக் கேளுங்கள்; காரணம் இல்லையென்றால் அதையே அப்பீலின் முதல் வரியாக எழுதுங்கள்.