தமிழாக்கியதும் இடம் மாறும் பணம்... பேங்க் ஸ்டேட்மென்ட்டில் கவனம்!

ஆங்கிலத்தில் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டை போனில் போட்டோ எடுத்து, தமிழாக்கித் தாத்தாவிடம் காட்டுகிறாள் பேத்தி. கட்டணமாகக் கட்டிய 1,860 ரூபாய் வரவுக் கட்டத்தில் நிற்கிறது. 'யாருப்பா எனக்குப் பணம் போட்டது?' என்கிறார் தாத்தா.

ஏன் இப்படி? ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு வரியிலும் பற்று, வரவு இரண்டில் ஒன்று காலியாக இருக்கும். போட்டோவில் இருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது காலிக் கட்டத்தில் எடுக்க எதுவும் இல்லை. அதனால் அடுத்த எண் நகர்ந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

முதலில் அட்டவணை, பிறகு தமிழ்

தாளை மேஜையில் விரித்து, நேர் மேலே இருந்து போட்டோ எடுங்கள். கணக்கு எண்ணைத் துண்டுத் தாளால் மறைத்துவிடுங்கள். போனில் உள்ள Excel ஆப்பில் Data from Picture வசதியைத் திறந்து அந்தப் படத்தைக் கொடுத்தால், கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும். சந்தேகமான கட்டங்களைச் சரிபார்க்கச் சொல்லும். அவசரப்படாமல் தாளோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

இனி அட்டவணையை நகலெடுத்து Google Sheets-ல் ஒட்டுங்கள். A தேதி, B விவரம், C பற்று, D வரவு, E இருப்பு என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்க்க வேண்டியது B மட்டும்தான். எண்களைத் தொடவே வேண்டாம். F3 கட்டத்தில் இதை டைப் செய்து, கீழே வரை இழுங்கள்:

```
=GOOGLETRANSLATE(B3,"en","ta")
```

தமிழ் தனிக் கட்டத்தில் வருவதால் வரிசை குலையாது. பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கும். 'ATM WDL' போன்ற சுருக்கெழுத்துகளை மட்டும் நீங்களே 'ஏ.டி.எம்-ல் எடுத்தது' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இருப்பே சாட்சி

பணம் சரியான கட்டத்தில்தான் இருக்கிறதா என்பதை இருப்பே சொல்லிவிடும். G3-ல் இதை எழுதி, இதையும் கீழே இழுங்கள்:

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

முந்தைய இருப்பில் பற்றைக் கழித்து, வரவைக் கூட்டினால் புது இருப்பு வர வேண்டும். வந்தால் G-யில் 0 தெரியும்.

தாத்தாவின் கணக்கையே எடுப்போம். முந்தைய இருப்பு 12,400. கட்டணம் 1,860 போக மீதி 10,540. அந்த 1,860 தவறி வரவுக்குப் போனால் G-யில் 3,720 என்று காட்டும். அதாவது, சரியாக இரண்டு மடங்கு! இரண்டு மடங்கு வந்தாலே, பணம் பக்கம் மாறிவிட்டது என்று அர்த்தம். அடுத்த வரியில் பென்ஷன் 3,000 வரவாகி, இருப்பு 13,540 என்றால் அங்கே 0 வரும்.

#VALUE! என்று வந்தால், ஏதோ ஓர் எண்ணை எழுத்தாகப் படித்திருக்கிறது. பெரும்பாலும் 1 என்பது l ஆகவோ, 0 என்பது O ஆகவோ மாறியிருக்கும்.

கடை விலைப்பட்டியலுக்கும் முதல் பாதி வழி அப்படியே பொருந்தும். ஆனால், அங்கே 'இருப்பு' என்ற சாட்சி கிடையாது. விலைகளை ஒவ்வொரு வரியாகத் தாளோடு ஒப்பிடுவது மட்டுமே வழி.