உயரத்தை வகுப்புத் தோழியோடு ஒப்பிடாதீங்க, உங்களோடு ஒப்பிடுங்க

பெண் குழந்தை இருக்கும் வீடுகளுக்கான பதிவு இது. கொஞ்சம் நீளம். பக்கத்தில் ஒரு பேனாவும் துண்டுச்சீட்டும் வச்சுக்கிட்டுப் படிங்க. நடுவில் ஒரு சின்னக் கணக்கு வரும்.

"பொண்ணு கொஞ்சம் குட்டையா இருக்கா டாக்டர். வயசுக்கு வந்தா வளர்ந்துடுவா இல்ல?"

இந்தக் கேள்விக்கு "ஆமாம், வளர்ந்துடுவா" என்று பதில் சொல்ல வீட்டில் பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா என்று நிறைய பேர் இருக்காங்க. பல குழந்தைகளுக்கு அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். ஆனால் சுமார் 2000 முதல் 2500 பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு அது தவறான பதில். அவள் தானாக வயசுக்கு வராமலே போகலாம். காத்திருக்கும் ஒவ்வொரு வருஷமும் அவளுக்கு நஷ்டம்.

அந்தப் பிரச்சினையின் பெயர் டர்னர் சிண்ட்ரோம். 1938-இல் ஹென்றி டர்னர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்தது. நம் செல்களில் 46 குரோமோசோம்கள் இருக்கும். பெண் என்றால் அதில் இரண்டு எக்ஸ். இந்தக் குழந்தைகளுக்கு ஒரு எக்ஸ் முழுதாக இல்லை, அல்லது அதில் ஒரு பகுதி இல்லை. சிலருக்குக் கொஞ்சம் செல்களில் இரண்டு எக்ஸும் மீதி செல்களில் ஒரு எக்ஸும் கலந்திருக்கும். இதை மொசைக் என்போம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். காரணம் தெரியாமல் குட்டையாக இருக்கும் ஒவ்வொரு பெண் குழந்தைக்கும், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், குரோமோசோம் பரிசோதனை செய்யணும். வயசுக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது கூடாது.

ஏன் என்று பார்ப்போம்.

எக்ஸ் குரோமோசோமுக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்? எக்ஸின் ஒரு நுனியில் ஷாக்ஸ் என்ற ஜீன் இருக்கு. 1997-இல் கண்டுபிடித்தார்கள். கை கால்களின் நீண்ட எலும்புகள் வளர்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பெண்களுக்கு ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் அணைந்துதான் கிடக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீங்க. அப்படின்னா ஒன்று இல்லாமல் போனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் என்னன்னா, அந்த எக்ஸ் முழுசாக அணைவதில்லை. ஷாக்ஸ் இருக்கும் நுனி விழித்தே இருக்கும். ஆண்களின் ஒய் குரோமோசோம் நுனியிலும் இதே ஜீன் உண்டு. ஆக ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் வேலை செய்யும் ஷாக்ஸ் இரண்டு. டர்னர் குழந்தைக்கு ஒன்றுதான்.

இதை உறுதி செய்யும் எதிர்க் காட்சி ஒன்று இருக்கு. சில பெண்களுக்கு எக்ஸ் மூன்று இருக்கும். அவர்களுக்கு ஷாக்ஸும் மூன்று. அவர்கள் பொதுவாகச் சராசரியை விட உயரமாக வளர்கிறார்கள், கால்கள் நீளமாக இருக்கும். ஒன்று குறைந்தால் குட்டை, ஒன்று கூடினால் நெட்டை.

இப்போ கணக்குக்கு வருவோம்.

அப்பாவின் உயரத்தையும் அம்மாவின் உயரத்தையும் செ.மீ-இல் கூட்டுங்க. அதில் 13 கழிங்க. இரண்டால் வகுங்க. உங்கள் மகளிடம் எதிர்பார்க்கக்கூடிய உயரம் அதுதான். அதற்கு மேலே கீழே 8 செ.மீ வரை போகலாம். (மகனுக்கு 13-ஐக் கழிக்காமல் கூட்டணும்.)

அப்பா 170, அம்மா 157 என்று வைப்போம். கூட்டினால் 327. 13 போனால் 314. பாதி 157. அந்த மகள் 149-இலிருந்து 165-க்குள் எங்காவது வந்து நிற்பாள்.

டர்னர் இருந்து சிகிச்சை இல்லாமல் விட்டால், இந்த எதிர்பார்ப்பிலிருந்து சராசரியாக 20 செ.மீ குறையும். 157 போய் 137 ஆகும்.

இங்கே கவனிங்க. எக்ஸ் இல்லாமை ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தருவதில்லை. அந்தக் குடும்பத்தின் உயரத்திலிருந்து கழிக்கிறது. அம்மா அப்பாவின் மற்ற உயர ஜீன்கள் எல்லாம் அவளிடமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கு.

அதனால்தான் உயரமான வீட்டுப் பிள்ளைகள் தப்பிப் போய்விடுகிறார்கள். அப்பா 182, அம்மா 168 என்றால் மகளுக்கு எதிர்பார்ப்பு 168.5. இருபது போனால் 148.5. நம்ம ஊர் வகுப்பில் அந்த உயரத்தில் நாலு பேர் இருப்பாங்க. "எல்லாரையும் போலத்தானே இருக்கா" என்று விட்டுவிடுவோம். அவள் வகுப்பைப் போல இருக்கிறாள், ஆனால் குடும்பத்தைப் போல இல்லை. பார்க்க வேண்டியது அதைத்தான்.

சரி, 20 செ.மீ எப்போது காணாமல் போகிறது? ஒரே நாளில் இல்லை. முதல் எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்கே திரும்புவோம். அந்தக் குழந்தையின் உயரக் குறிப்புகள் இப்படி இருக்குன்னு வைங்க: 3 வயதில் 88, 5 வயதில் 97, 8 வயதில் 108.

முதல் இரண்டு வருஷத்தில் 9 செ.மீ, அதாவது வருஷத்துக்கு நாலரை. அடுத்த மூன்று வருஷத்தில் 11 செ.மீ, அதாவது வருஷத்துக்கு நாலுக்கும் குறைவு. பள்ளி வயதுக் குழந்தை வருஷத்துக்கு 5 முதல் 6 செ.மீ வளரணும். 8 வயதில் இவள் வயதுப் பெண்கள் பொதுவாக 120-ஐத் தாண்டியிருப்பார்கள். இவள் வளர்ச்சி அட்டையின் கடைசிக் கோட்டுக்கும் கீழே போய்விட்டாள்.

நன்றாகச் சாப்பிடுகிறாள், படிக்கிறாள், ஓடியாடுகிறாள். காய்ச்சல் கூட அதிகம் வருவதில்லை. யாருக்கும் சந்தேகம் வராது.

டர்னர் என்றதும் மருத்துவப் புத்தகத்தில் வரும் படம் வேறு: கழுத்தின் இருபுறமும் தோல் மடிப்பு, பின்கழுத்தில் கீழே இறங்கிய முடிக்கோடு, பிறக்கும்போதே வீங்கிய கை கால்கள். இவை இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவோம். ஆனால் பல குழந்தைகளுக்கு, முக்கியமா மொசைக் உள்ளவர்களுக்கு, இவை எதுவும் வெளிப்படையாக இருக்காது. குட்டையாக இருப்பது மட்டுமே தெரியும்.

இந்த இடத்தில் மூன்று பொறிகள் இருக்கு.

முதல் பொறி, உயரம் கூட்டும் பவுடர். பாலில் எந்த மாவைக் கலந்தாலும் இல்லாத ஜீன் வராது. பவுடர் தீர்ந்து அடுத்த டப்பா வாங்குவதற்குள் ஆறு மாசம் போயிருக்கும்.

இரண்டாவது, "வளர்ச்சி ஹார்மோன் டெஸ்ட் எடுத்தோம், நார்மல்". டர்னரில் அது பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். ஹார்மோன் வருகிறது, எலும்புதான் அதற்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை. அந்த ரிப்போர்ட்டை வைத்து நிம்மதியாக வீட்டுக்குப் போகக் கூடாது.

மூன்றாவது, வயசுக்கு வரும்வரை பொறுப்பது. டர்னர் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கருப்பை பக்கத்தில் இருக்கும் சினைப்பைகள் சீக்கிரமே செயலிழந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் இல்லை, அதனால் பூப்பெய்தும்போது வரும் வளர்ச்சி வேகமும் இல்லை. 14, 15 வயதில் "இன்னும் வயசுக்கு வரலையே" என்று வரும்போது மருத்துவருக்குத் தர்மசங்கடம். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாகணும். ஆனால் அதே ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பின் வளர்ச்சித் தட்டை மூடும். உயரத்துக்குக் காத்திருந்தால் பருவம் தள்ளிப்போகும், பருவத்தைக் கவனித்தால் உயரம் நின்றுபோகும். 6 வயதில் கண்டுபிடித்திருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது.

சிலர், குறிப்பாக மொசைக் உள்ளவர்கள், தானாகவே வயசுக்கு வரவும் கூடும். அதனால் "வந்துட்டா, அப்போ ஒண்ணும் இல்லை" என்றும் முடிவு கட்ட முடியாது.

பரிசோதனை என்ன? கேரியோடைப்பிங். சாதாரண இரத்தப் பரிசோதனை போலத்தான், கையில் கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். செல்களை லேபில் வளர்த்து, பிரியும் தருணத்தில் நிறுத்தி, குரோமோசோம்களை எண்ணுவார்கள். அதனால் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். 46,XX என்று வந்தால் இரண்டு எக்ஸும் இருக்கு. 45,X என்றால் ஒன்று இல்லை.

இருந்தால் என்ன செய்ய முடியும்? வளர்ச்சி ஹார்மோன் ஊசி. தினமும் இரவில், தோலுக்கு அடியில், வருஷக்கணக்கில். ஹார்மோன் குறைபாடு உள்ள குழந்தைக்குக் கொடுப்பதை விட அதிக அளவில். கனடாவில் ஒரு பிரிவுக்கு ஊசி போட்டும் மறு பிரிவுக்குப் போடாமலும் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்த ஆய்வில், போட்டவர்கள் சுமார் 7 செ.மீ கூடுதலாக வளர்ந்தார்கள். நம் எடுத்துக்காட்டுக் குழந்தைக்கு 137 என்பது 144 பக்கம் வரலாம். 157 ஆகாது. இதை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடணும். சீக்கிரம், 4 முதல் 6 வயதிலேயே, ஆரம்பித்தால் பலன் நன்றாக இருக்கும். பிறகு 11, 12 வயதில் ஈஸ்ட்ரோஜனை மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டணும்.

செலவு? மறைக்கப் போவதில்லை. ஊசி வருஷத்துக்கு லட்சக்கணக்கில் போகும். எல்லாக் குடும்பத்தாலும் முடியாது.

"அப்போ டெஸ்ட் எடுத்து என்ன பிரயோஜனம் டாக்டர்?"

இதற்குத்தான் இந்தப் பதிவே. டெஸ்ட் ஊசிக்காக மட்டும் இல்லை. உயரக் குறைவு வெளியே தெரியும் கதவு. உள்ளே இதயத்தின் மகாதமனி குறுகலாக இருக்கலாம், அதன் வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இருக்கலாம். காது கேட்பது குறையலாம், தைராய்டு மந்தமாகலாம். எக்கோ எடுத்தால் இதயம் தெரியும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விலை அதிகமில்லை, அது எலும்பைக் காப்பாற்றும். ஊசி போட வசதியில்லாத குழந்தைக்கும் இது எல்லாம் கிடைத்தாகணும். பெயர் தெரியாமல் இதில் எதையும் ஆரம்பிக்க முடியாது.

பையன் குட்டையாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். "பொண்ணுதானே, குட்டையா இருந்தா என்ன" என்று சொல்லும் வீடுகளில்தான் இந்தக் குழந்தைகள் பத்து வருஷம் காணாமல் போகிறார்கள்.

இன்னொன்று. ரிப்போர்ட் வந்ததும் மாமியார் வீடு அம்மாவைத் திரும்பிப் பார்க்கும். வேண்டாம். பெரும்பாலும் இது கரு உருவாகும் நேரத்தில் தற்செயலாக நடப்பது. சாப்பாடோ, நடந்துகொண்ட விதமோ காரணமில்லை. சொல்லப்போனால் அந்தக் குழந்தையிடம் இருக்கும் ஒரே எக்ஸ் பெரும்பாலும் அம்மாவிடமிருந்து வந்ததுதான்.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்க. மகளைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, குதிகாலும் தலையும் சுவரைத் தொட, பென்சிலால் கோடு போட்டு அளந்து தேதியோடு எழுதுங்க. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் அளங்க. இரண்டரை செ.மீ-க்கும் குறைவாக வளர்ந்திருந்தாலோ, வளர்ச்சி அட்டையில் அவள் கோடு உங்கள் இருவர் கணக்கில் வந்த எண்ணை விட ரொம்பக் கீழே போனாலோ, குழந்தை நல மருத்துவரிடம் போங்க. சத்து டானிக் கேட்காதீங்க. "கேரியோடைப்பிங் தேவையா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்க.