டிராவைக் காப்பாற்றுவதும் ஆட்டம்தான்: சீனச் சதுரங்கத்தில் யானையும் ஆலோசகரும்



சிங்கப்பூரில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் மாலை நேரத்தில் சீனச் சதுரங்கம் ஆடுவோர் கூட்டம் இருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் அதில் ஒருவன். போன வாரம் குடும்பக் குழுவில் ஒரு தம்பி கேட்டார்: "தோற்காமல் இருக்க ஆடுவதெல்லாம் ஒரு ஆட்டமா சார்? சும்மா காயை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதானே?" அதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். என் கருத்து இதுதான்: இந்த ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர்கள் தாக்குதலில் தொடங்கக் கூடாது. ஒரு தேரும் ஒரு பீரங்கியும் சேர்ந்து வரும்போது டிராவைக் காப்பாற்றுவது எப்படி என்பதில்தான் தொடங்க வேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். காய்கள் கட்டத்துக்குள் நிற்பதில்லை, கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் நிற்கும். நெட்டுக்கோடுகள் 9, படுக்கைக்கோடுகள் 10, நடுவில் ஒரு ஆறு. நம் ராஜாவின் இடத்தில் இருப்பவர் தளபதி. அவர் 9 புள்ளிகள் கொண்ட அரண்மனையை விட்டு வெளியே வர முடியாது. அவருடன் இரண்டு ஆலோசகர்கள். அவர்கள் அரண்மனைக்குள்ளேயே மூலைவிட்டமாக ஒரு புள்ளி நகர்வார்கள், எனவே அவர்களுக்கு மொத்தம் 5 இடம்தான். யானை என்றதும் நம் சதுரங்க யானையை நினைக்காதீர்கள். நேராக ஓடும் அந்த வேலையை இங்கே தேர் செய்கிறது. சீன யானை மூலைவிட்டமாகச் சரியாக இரண்டு புள்ளி தாண்டும், ஆற்றைக் கடக்காது. அதற்கு 7 இடம். இடையில் உள்ள புள்ளியில் ஏதாவது காய் நின்றால் யானை அசைய முடியாது.

பீரங்கிதான் விசித்திரமான காய். தேரைப் போலவே நகரும். ஆனால் வெட்டும்போது மட்டும் நடுவில் சரியாக ஒரு காய் இருக்க வேண்டும், அதைத் தாண்டித்தான் வெட்டும். அந்த நடுக்காயைத் தாங்கி என்று வைத்துக்கொள்வோம். அது யாருடைய காயாகவும் இருக்கலாம். இங்கேதான் தற்காப்பவருக்குச் சிக்கல் தொடங்குகிறது: தளபதியைக் காக்க நாம் நிறுத்திய ஆளே எதிராளியின் பீரங்கிக்குத் தாங்கியாகிவிடும்.

முதலில் ஒரு கேள்வி. எதிராளியிடம் தேர் மட்டும் இருக்கிறது, நம்மிடம் இரண்டு ஆலோசகர், இரண்டு யானை மட்டும் இருக்கின்றன. வலிமையைக் கூட்டிப் பார்த்தால் நாம் தோற்க வேண்டும். ஆனால் அது டிரா. யானைகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன, ஆலோசகர்களும் அப்படியே. தேர் எதை வெட்டினாலும் நாம் தேரை வெட்டிவிடுவோம். தளபதி ஒரு படி அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தால் போதும்.

அந்தத் தேருக்குத் துணையாக ஒரு பீரங்கி வந்தால் இதே கோட்டை உடைகிறது. நடுக்கோட்டில் எதிராளியின் தேர், அதற்குப் பின்னால் பீரங்கி, எதிரே நம் நடு யானை என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரங்கி தன் தேரையே தாங்கியாக்கி யானையை வெட்டும். நம் இன்னொரு யானை வந்து பீரங்கியை வெட்டும். உடனே தேர் அந்த யானையையும் வெட்டும். ஒரு பீரங்கிக்கு இரண்டு யானை போயிற்று. மிச்சம் இருப்பது இரண்டு ஆலோசகர்கள். ஒற்றைத் தேர் அவர்களை வெல்லும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆகவே தேரும் பீரங்கியும் சேர்ந்து வந்தால் யானையும் ஆலோசகரும் மட்டும் போதாது, நம்மிடமும் ஒரு தேர் வேண்டும். அது இருந்தால் பொதுவாக டிரா. ஆனால் அந்தத் தேர் எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இப்போது ஒரு நிலையைப் பலகையில் வையுங்கள். நம் தளபதி அடிவரிசையின் நடுவில். அவருக்கு நேர் முன்னால், அரண்மனையின் மையத்தில், ஒரு ஆலோசகர். அதற்கு முன்னால், அதே நடுக்கோட்டில், ஒரு யானை. இரண்டாவது ஆலோசகர் தளபதிக்கு வலப்புறம் அடிவரிசையில். இரண்டாவது யானை வலப்புறம் அடிவரிசையில், தன் பழைய இடத்தில். பார்த்தால் அழகான, கட்டுக்கோப்பான வீடு. எதிராளியின் பீரங்கி நடுக்கோட்டின் மறுமுனையில் நிற்கிறது. அவருடைய தளபதி தன் அரண்மனையில், நமக்கு இடப்பக்கம் தெரியும் நெட்டுக்கோட்டுக்கு நகர்ந்திருக்கிறார். அதே கோட்டில் அவருடைய தேர் நம்மை நோக்கி நிற்கிறது. நம் தேர் எங்கோ ஆற்றைத் தாண்டி வேட்டைக்குப் போயிருக்கிறது.

எதிராளி தேரை நேராக நம் அடிவரிசை வரை இறக்கி, தளபதிக்கு இடப்பக்கத்தில் ஒட்டி நிறுத்துகிறார். செக். தளபதி அதை வெட்டலாமா? முடியாது. அந்தக் கோட்டின் மறுமுனையில் எதிரித் தளபதி நிற்கிறார். இரண்டு தளபதிகளும் நடுவில் காயில்லாமல் நேருக்கு நேர் நிற்கக் கூடாது என்பது விதி. மைய ஆலோசகர் மூலைவிட்டமாக இறங்கி வெட்டலாமா? அவர் நகர்ந்த கணமே நடுக்கோட்டில் பீரங்கிக்கும் தளபதிக்கும் இடையே யானை ஒன்றுதான் மிஞ்சும், அது தாங்கியாகிவிடும். அது பீரங்கியின் செக், எனவே அந்த நகர்வே செல்லாது. வலப்பக்கம் தப்பலாம் என்றால் நம் ஆலோசகரே இடத்தை அடைத்து நிற்கிறார். ஆட்டம் முடிந்தது. நம் காய் ஒன்றுகூட வெட்டுப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சீனர்கள் இந்த முடிவை 'இரும்புக் கதவின் தாழ்ப்பாள்' என்று அழைக்கிறார்கள். நம் வீட்டுக் கதவை நம் ஆட்களை வைத்தே வெளியிலிருந்து பூட்டிவிடுகிறார்கள்.

இதே நிலையில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். நம் தேரை வேட்டையிலிருந்து அழைத்து வந்து, நடு யானைக்கு முன்னால் நடுக்கோட்டில் நிறுத்துங்கள். இப்போது எதிராளியின் தேர் இறங்கி வந்து செக் கொடுத்தால், மைய ஆலோசகர் தாராளமாக வெட்டலாம். அவர் நகர்ந்த பிறகும் பீரங்கிக்கும் தளபதிக்கும் நடுவில் தேர், யானை என இரண்டு காய்கள் இருக்கின்றன. இரண்டைத் தாண்டிப் பீரங்கி வெட்டாது. எதிராளி ஒரு தேரைச் சும்மா இழந்தார்.

"அப்படியானால் பீரங்கி நம் தேரைத் தாண்டி யானையை வெட்டுமே?" என்று கேட்பீர்கள். வெட்டட்டும். அடிவரிசை யானை பீரங்கியை வெட்டிவிடும். எதிராளி கெட்டிக்காரராக இருந்தால் முதலில் தன் தேரை இரண்டு யானைகளுக்கும் இடைப்பட்ட புள்ளியில் கொண்டுவந்து குத்தி, அவற்றின் தொடர்பை அறுப்பார். அப்போது யானையால் வெட்ட முடியாது. ஆனால் நடுக்கோட்டில் இருக்கும் நம் தேர் பின்வாங்கி வெட்டும். ஒரே இடத்தில் நின்றுகொண்டு நம் தேர் பூட்டையும் திறக்கிறது, யானையையும் காக்கிறது.

இன்னொரு ஆதாயமும் உண்டு. தேருக்குத் தேர் மாற்றிக்கொள்ள நாம் எப்போதும் தயார். ஏனென்றால் தேர்கள் இரண்டும் போய்விட்டால், தனிப் பீரங்கி தன் ஆலோசகர்களையும் யானைகளையும் வைத்துக்கொண்டு நம் முழு வீட்டை உடைக்க முடியாது. எதிராளி அந்தப் பரிமாற்றத்துக்குப் பயந்து ஒதுங்க வேண்டியிருக்கும். நடுக்கோட்டில் நம் தேர் மேலும் கீழும் ஒரு படி நகர்ந்தாலே நம் முறை கழிந்துவிடும். அதுவும் முக்கியம், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் நகர வழியில்லாதவர் தோற்றவர். மேற்கத்திய செஸ்ஸில் அது டிரா. அதேபோல, விடாமல் செக் கொடுத்து டிரா வாங்கும் செஸ் தந்திரமும் இங்கே நடக்காது, ஓயாத செக் தடை செய்யப்பட்டது. ஆகவே டிரா வேண்டும் என்றால் வீட்டைக் கட்டித்தான் பெற வேண்டும்.

செஸ் ஆடிப் பழகிய என் மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. செக் வந்தால் குறுக்கே ஒரு காயை வைப்பது அவர்கள் கைப்பழக்கம். பீரங்கி செக் கொடுக்கும்போது குறுக்கே ஏற்கெனவே ஒரு காய் இருக்கிறது. அது நம் காயாக இருந்தால் அதை விலக்கினாலே செக் தீர்ந்துவிடும். உதாரணமாக, எதிரியின் பீரங்கி நம் அடிவரிசையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, அங்குள்ள யானையைத் தாங்கியாக்கிச் செக் சொன்னால், யானையை நடுவுக்கு ஏற்றிவிடுங்கள். பீரங்கி வெறும் குழாயாகிவிடும். யானை ஒன்றை இழந்தவன் பீரங்கிக்கு அஞ்ச வேண்டும், ஆலோசகரை இழந்தவன் தேருக்கு அஞ்ச வேண்டும் என்று இங்கே அங்கிள்கள் சொல்வதன் பொருள் இதுபோல ஆடிப் பார்த்தால்தான் விளங்கும்.

இதற்கும் எல்லை உண்டு என்பதை ஒளிக்க மாட்டேன். காய்கள் சிதறி, யானைகள் தொடர்பற்று நிற்கும்போது தேரும் பீரங்கியும் வந்துவிட்டால் தேர் இருந்தும் தோற்கலாம். எதிராளியிடம் கூடுதலாக ஒரு சிப்பாய் ஆற்றைக் கடந்து வந்தால் கணக்கே வேறு. அதனால் ஒவ்வொரு நகர்வுக்கும் முன் மூன்றைப் பார்க்கச் சொல்கிறேன்: பீரங்கி நம் தளபதியின் கோட்டில் இருக்கிறதா, எதிரித் தளபதி எந்தக் கோட்டில் நிற்கிறார், நம் யானைகள் ஒன்றையொன்று பார்க்கின்றனவா.

தம்பிக்கு என் பதில் இதுதான். தாக்குதலில் தொடங்கிய பிள்ளை, தேர் என்றால் துரத்துவதற்கு என்றே நினைக்கும். மேலே சொன்ன நிலையில் அது தேரை அனுப்பி எதிராளியின் சிப்பாயைப் பிடித்துக்கொண்டிருக்கும், வீட்டில் தாழ்ப்பாள் விழும். தற்காப்பில் தொடங்கிய பிள்ளைக்குத் தாங்கி என்றால் என்ன, பூட்டு எப்படி விழுகிறது என்று தெரியும். பிறகு அதே பூட்டை எதிராளிக்குப் போட அதற்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டாம்.

வீட்டில் பலகை இருப்பவர்கள் மேலே சொன்ன நிலையை வைத்துப் பாருங்கள். ஒரு கேள்வி விட்டுவைக்கிறேன். நம் தேர் நடுக்கோட்டுக்கு வர நேரமில்லை, ஆனால் இரண்டாவது ஆலோசகர் வலப்புற அடிவரிசையில் இல்லாமல் அரண்மனையின் வலப்பக்க மேல்மூலையில் நிற்கிறார், ஆடும் முறையும் நம்முடையது. எந்த ஒரு நகர்வு பூட்டைத் தவிர்க்கும்? பதிலைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை திருத்தித் தருகிறேன்.