எந்தச் சோதனை எதற்கு? ஆங்கில வகுப்பு தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை



வட்டக்கச்சிப் பக்கம் சாதாரண தரம் முடித்த பிள்ளைகளுக்கு இலவச ஆங்கில வகுப்பு வைப்பது நல்ல பழக்கமாகி வருகிறது. சனசமூக நிலையம் இடம் தரும், வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் காசு தருவார்கள், ஆசிரியர்களாகிய நாங்கள் பின்னேரங்களில் வந்து படிப்பிப்போம். ஆனால் பதிவு தொடங்கியதும் வழக்கமாகக் கேட்கப்படுவது ஒன்றுதான்: "ஓஎல் இங்கிலிசுக்கு என்ன ரிசல்ட்?" A, B எடுத்தவர்கள் ஒரு வகுப்பு, C, S எடுத்தவர்கள் ஒரு வகுப்பு, W எடுத்தவர்கள் கடைசி வகுப்பு. வேலை லேசாக முடிந்துவிடும். ஒரு மாதத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் பின் வாங்குகள் வெறுமையாகிவிடும். "இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை" என்று பிறகு பேசிக்கொள்வோம்.

எங்கள் கருத்து வேறு. பல பிள்ளைகள் நிற்பது ஆர்வம் இல்லாததால் அல்ல, தவறான வகுப்பில் இருந்ததால். தவறான வகுப்பில் இருந்ததற்குக் காரணம், ஒரு கேள்விக்காக நடந்த பரீட்சையின் பெறுபேற்றை வேறொரு கேள்விக்கு விடையாக எடுத்ததுதான்.

எங்கள் மத்ரஸாவைப் பாருங்கள். புதிதாக ஒரு பிள்ளை வந்தால் உஸ்தாத் சான்றிதழ் கேட்பதில்லை. காயிதாவை விரித்து, தொடக்கத்தில் இரண்டு வரி, நடுவில் இரண்டு வரி, கடைசியில் இரண்டு வரி ஓதச் சொல்வார். பிள்ளை எங்கே தடக்குப்படுகிறதோ அந்தப் பாடத்தில் இருத்துவார். இது வகுப்புப் பிரிக்கும் சோதனை. மூன்று மாதம் கழித்து, ஓதிக்கொடுத்த சூராக்களை மட்டும் மனப்பாடமாகக் கேட்பார். இது அடைவுச் சோதனை. வேறொரு நாள் பெரிய பிள்ளை ஒருவரிடம் குர்ஆனின் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்து ஓதச் சொல்வார். யாரிடம் படித்தாய், எத்தனை வருடம் படித்தாய் என்பது அங்கே கேள்வியே இல்லை. இது தேர்ச்சிச் சோதனை.

மூன்றிலும் பிள்ளை செய்வது ஓதுவதுதான். ஆனால் முதலாவது "எங்கே தொடங்குவது" என்று கேட்கிறது. இரண்டாவது "சொல்லிக்கொடுத்தது ஏறியதா" என்று கேட்கிறது. மூன்றாவது "இவரால் என்ன செய்ய முடியும்" என்று கேட்கிறது.

இப்போது சாதாரண தர ஆங்கிலத்துக்கு வருவோம். அது பாடத்திட்டத்தை ஒட்டி நடக்கும் அடைவுப் பரீட்சை. பதினோராம் ஆண்டு வரை படிப்பித்தது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிறது. அந்த வேலைக்கு அது சரி. வகுப்புப் பிரிக்க எடுத்தால் மூன்று இடத்தில் இடறும். முதலாவது, அது முழுக்க எழுத்துப் பரீட்சை. பிள்ளை வாய் திறந்து ஒரு வசனமும் பேசத் தேவையில்லை. நாங்கள் தொடங்குவதோ பெரும்பாலும் பேச்சு ஆங்கில வகுப்பு. இரண்டாவது, ஓர் எழுத்துக்குள் பெரிய இடைவெளி இருக்கிறது. W என்றால் 35க்குக் கீழே. அதில் ஆங்கில எழுத்துகளையே தடவித் தடவி வாசிக்கும் பிள்ளையும் உண்டு, ஒரு சிறு கதையை வாசித்து விளங்கி 34இல் நின்ற பிள்ளையும் உண்டு. இருவரையும் ஒரே வாங்கில் இருத்தினால் ஒருவருக்கு விளங்காது, மற்றவருக்கு அலுக்கும். மூன்றாவது, 50 முதல் 64 வரை எடுத்த எல்லாரும் C. ஒருவர் கட்டுரையும் கடிதமும் எழுதி அதை எடுத்திருப்பார், இன்னொருவர் இடைவெளி நிரப்பும் வினாக்களில் சேர்த்திருப்பார். பெறுபேற்றுத் தாளில் இந்த வேறுபாடு தெரியாது.

எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. 2009 இடப்பெயர்வுக்குப் பிறகு மீள்குடியேறியபோது, ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே ஆண்டில் வந்து இருந்தார்கள். ஆனால் யார் எத்தனை மாதம் பள்ளிக்கூடத்தைத் தவறவிட்டார்கள் என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. ஏழாம் ஆண்டு என்ற பெயர், அந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? ஓர் எடுத்துக்காட்டு வைப்போம். 45 பிள்ளைகள், 3 ஆசிரியர்கள், 3 வகுப்புகள். மூன்று வகுப்புக்கும் எந்தப் புத்தகம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு புத்தகத்திலும் வருகிற விடயங்களிலிருந்து 10 வினா, மொத்தம் 30 வினா, லேசானதிலிருந்து கடினமானதற்கு. அரை மணித்தியாலம் போதும். அதோடு எல்லாருக்கும் ஒரே தலைப்பில் ஐந்து வரி எழுத்து. பிறகு ஒவ்வொருவரோடும் 3 நிமிடம் பேச்சு. 45 பேருக்கு 135 நிமிடம், மூன்று ஆசிரியர்கள் பிரித்துச் செய்தால் தலைக்கு 45 நிமிடம். ஒரு சனிக்கிழமை காலையில் எல்லாம் முடிந்துவிடும்.

புள்ளியைக் கூட்டிப் பார்ப்பதில்தான் பலர் பிழை விடுவார்கள். மொத்தப் புள்ளியை வைத்து 15 பேர், 15 பேர், 15 பேர் என்று பிரிக்கக் கூடாது. 35 எடுத்தால் சித்தி என்ற கணக்கும் இங்கே இல்லை. பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும். முதல் 10இல் 8 சரியாகச் செய்த பிள்ளைக்கு முதல் புத்தகம் பெரும்பாலும் தெரியும், அங்கே இருத்தினால் நேரம் வீண். அடுத்த 10இல் 8 வராவிட்டால் அவருக்கு இரண்டாம் வகுப்பு. இரண்டிலும் 8 தாண்டினால் மூன்றாம் வகுப்பு. ஒரு வகுப்பில் 20 பேரும் இன்னொன்றில் 10 பேரும் வந்தால் அப்படியே இருக்கட்டும்.

இரண்டு பிள்ளைகள் 15 புள்ளி எடுக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு 9, 5, 1. மற்றவருக்கு 6, 5, 4. முதலாமவர் தெளிவாக இரண்டாம் வகுப்பு. இரண்டாமவரின் கணக்கில் சந்தேகம் இருக்கிறது. நான்கு விடையில் ஒன்றைத் தெரியும் வினா என்றால், கண்ணை மூடிக் கோடு போட்டாலும் 10க்கு 2 அல்லது 3 சரிவரும். அவர் குத்துமதிப்பாகப் போட்டாரா, அல்லது படத்திலும் யூரியூப்பிலும் கேட்டுப் பழகி, அடிப்படையில் ஓட்டைகளோடு மேலே கொஞ்சம் தெரிந்தவரா? அதை அந்த ஐந்து வரி எழுத்தும் 3 நிமிடப் பேச்சும் சொல்லும். அதனால்தான் பேச்சை விடக்கூடாது என்கிறோம்.

ஒரு காலைச் சோதனை எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடாது. பயந்த பிள்ளை இருக்கும், காய்ச்சலோடு வந்த பிள்ளை இருக்கும். ஆகவே இரண்டாம் கிழமை முடிவில் ஒவ்வொரு ஆசிரியரும் "இவர் இந்த வகுப்புக்கு உரியவர் அல்ல" என்று நினைப்பவர்களின் பெயரை எழுத வேண்டும். 15 பேரில் ஒருவர், இருவர் என்றால் அவர்களை மாற்றிவிட்டால் போதும். ஐந்தாறு பேர் என்றால் கோடு போட்ட இடம் பிழை. மேல் வகுப்புக்குப் போனவர்கள் பலரும் 28, 29 எடுத்திருந்தால் வினாத்தாள் அவர்களுக்கு லேசு. அவர்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தை அது காட்டாது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சோதனைக்கு ரியூசன் அனுப்பாதீர்கள். இதில் சித்தியும் இல்லை, தோல்வியும் இல்லை. வினாவைப் பாடமாக்கிக் கூடப் புள்ளி எடுத்தால், பிள்ளைக்குக் கிடைப்பது விளங்காத வகுப்புதான். நடத்துபவர்களும் முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று பெயர் ஒட்டக் கூடாது.

இன்னொரு பக்கம் காசு தரும் உறவுகள். அவர்கள் நியாயமாகவே, "எங்கள் காசால் பிள்ளைகள் முன்னேறினார்களா?" என்று கேட்பார்கள். சிலர் ஐ.ஈ.எல்.ரி.எஸ் மாதிரி வினாத்தாளைத் தொடக்கத்திலும் முடிவிலும் கொடுத்துப் பார்ப்போம் என்பார்கள். அது தேர்ச்சிச் சோதனை. எந்தப் பாடத்தையும் ஒட்டியதல்ல, 0 முதல் 9 வரை அரை அரைப் புள்ளியாக ஏறும் நீளமான அளவுகோல். பல்கலைக்கழகமோ குடிவரவுப் பிரிவோ "இவரால் எங்கள் நாட்டில் சமாளிக்க முடியுமா" என்று பார்க்க அது தேவை. மொழி ஏறும், இறங்கும் என்பதால் அதன் பெறுபேற்றை வழக்கமாக 2 வருடம்தான் ஏற்கிறார்கள். ஆனால் ஐரோப்பிய அளவில் ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக ஏறத்தாழ 200 மணித்தியால வகுப்பு வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தரும் மதிப்பீடு. கிழமைக்கு 4 மணித்தியாலம் வீதம் 12 கிழமை நடத்தினால் எங்கள் வகுப்பு 48 மணித்தியாலம். நெல் மூட்டை நிறுக்கும் தராசில் தாலிக்கொடியை நிறுத்தால் முள் அசையாது, அதற்காகத் தாலிக்கொடியில் பவுண் இல்லை என்று சொல்வோமா? "ஒன்றும் முன்னேறவில்லை" என்று காசை நிறுத்தினால் அது வகுப்பின் பிழை அல்ல.

அவர்களுக்குத் தேவை அடைவுச் சோதனை. அந்த 12 கிழமையில் படிப்பித்ததிலிருந்து மட்டும் வினா. வகுப்பில் பேசப் படிப்பித்தால் பேச்சிலும் சோதனை. இதில் பெரும்பாலானோர் கூடப் புள்ளி எடுத்தால் "வினாத்தாள் லேசு" என்று சந்தேகப்படத் தேவையில்லை. படிப்பித்ததைப் படித்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

அதேவேளை, அந்த 90 புள்ளியைக் கொண்டுபோய் வேலை தருபவரிடம் "இவருக்கு ஆங்கிலம் வரும்" என்று காட்டவும் கூடாது. ஒரு சிறு புத்தகத்தில் 90 அது. அரச ஊழியர்களுக்குச் சிங்களம் எப்படிப் பார்க்கப்படுகிறது என்று யோசியுங்கள். அரசகரும மொழிகள் திணைக்களம் எழுத்திலும் பேச்சிலும் தேர்ச்சிப் பரீட்சை வைக்கிறது. அலுவலகத்துக்கு வருகிறவரோடு பேசவும் கடிதத்தை விளங்கவும் முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி.

ஆகவே வகுப்பு நடத்தும் நிர்வாகத்தினரிடம் நாங்கள் கேட்பது இதுதான். வினாத்தாள் அச்சடிக்க முன்னர், "இந்தப் பெறுபேற்றை வைத்து என்ன முடிவு எடுக்கப்போகிறோம்?" என்று கூட்டத்தில் ஒரு வரி எழுதுங்கள். யாரை எங்கே இருத்துவது என்றால் ஒரு சோதனை, படிப்பித்தது ஏறியதா என்றால் இன்னொன்று, வெளியே சமாளிப்பாரா என்றால் வேறொன்று. ஓர் ஆசிரியரும் ஒரே வகுப்பும்தான் இருக்கிறது என்றால் வகுப்புப் பிரிக்கும் சோதனையே வேண்டாம், பிரிக்க அங்கே எதுவும் இல்லை. மூன்று வகுப்பு இருக்குமென்றால், அடுத்த பதிவு நாளில் ஓஎல் பெறுபேற்றுத் தாளை ஃபைலில் வைத்துவிட்டு, பிள்ளையை முன்னால் இருத்தி 3 நிமிடம் பேசிப் பாருங்கள். அந்தச் சனிக்கிழமைக்கு வந்து உதவ நாங்கள் தயார்.