ஒழுகிய மாடியும் மினிட்ஸ் புத்தகமும்

எங்கள் குடியிருப்பில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். சென்ற ஆண்டு ஜூலை மாதத்துச் சங்கக் கூட்டத்தில் மொட்டை மாடிக் கசிவைப் பற்றி ஒரு மணி நேரம் காரசாரமாகப் பேசிக் கலைந்தோம். ஐப்பசி மழையில் மேல்தளத்து நண்பர் தம் கூடத்தில் அண்டா வைக்கும்படியாயிற்று. மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினோம். "கசிவு குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. விரைவில் ஆவன செய்வதெனத் தீர்மானிக்கப்பட்டது" என்று கண்டிருந்தது.

பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதிலுள்ள கோளாறு உடனே கண்ணில் படும். வாக்கியத்தில் எழுவாயே இல்லை! செய்ய வேண்டியவர் யார்? 'விரைவில்' என்பது எந்தத் தேதி? 'ஆவன' என்பது பூச்சா, புதுத் தட்டோடா?

குறை கூறியவனிடமே பேனாவைக் கொடுப்பது உலக வழக்கமல்லவா? இவ்வாண்டு ஜூலைக் கூட்டத்தில் நான் எழுதியது பின்வருமாறு:

"மாடிக்கு நீர்க்காப்பு செய்வது. மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் எழுத்து மூலம் மதிப்பீடு பெற வேண்டியவர் 9-ஆம் எண் வீட்டுக்காரர், ஜூலை 25-க்குள். இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் அவற்றுள் ஒன்றைக் காரியதரிசி ஒப்புக்கொள்ளலாம், ஜூலை 31-க்குள். செப்டம்பர் 10-க்குள் வேலை முடிந்து, மாடியில் இரண்டு நாள் நீர் தேக்கிப் பார்த்து, கசிவில்லையென்று 9-ஆம் எண் வீட்டுக்காரர் எழுதித் தரவேண்டும். ஆதரவு 8, எதிர்ப்பு 2."

தேதிகளைப் பின்னாலிருந்து முன்னாக எண்ணினோம். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் பிற்பாதியில் தொடங்கும். சோதனையில் தவறினால் மறுபடி பூசவும் ஒரு மாதம் கையில் இருக்கவேண்டும். பொறுப்பை முதலில் 'கமிட்டி' என்றார்கள். ஐவர் கமிட்டியில் ஒவ்வொருவரும் மற்ற நால்வரை நம்பியிருப்பார். பிறகு, கூட்டத்துக்கு வராத 4-ஆம் எண்காரர் தலையில் கட்டப் பார்த்தார்கள். அவர் சம்மதமின்றி எழுத நான் இசையவில்லை. ஒருவர் தம் பிரசங்கம் முழுவதையும் பதியச் சொன்னார். "செலவை இரு தவணையாக வசூலிக்கும் யோசனை 3-க்கு 7 வாக்குகளில் தோற்றது" என்று மட்டும் எழுதினேன். அவருக்குக் கோபந்தான்.

எல்லாரும் எழுந்திருக்குமுன் உரக்க வாசித்தேன். அப்போதுதான் 9-ஆம் எண்காரர், ஜூலை 20 தமக்குப் போதாதென்றார். அங்கேயே 25 ஆயிற்று. அக்கிராசனர் கையெழுத்திட்ட பின்பு இப்படி மாற்றலாகாது; பிழையிருந்தால் அடுத்த கூட்டத்தின் குறிப்பில்தான் திருத்தத்தைப் பதிய வேண்டும்.

செப்டம்பர் 3-இல் நீர் தேக்கினார்கள். ஐந்தாம் தேதி, மழைக்குழாய் வாயருகே கீழ்க்கூரையில் ஈரம் தெரிந்தது. ஒப்பந்தக்காரர், "இது சகஜம், காய்ந்துவிடும்" என்றார். 9-ஆம் எண்காரர் மினிட்ஸ் புத்தகத்தைக் காட்டிக் கையெழுத்திட மறுத்துவிட்டார். அந்த இடத்தைக் கொத்தி மறுபடி பூசி, மீண்டும் நீர் தேக்கி, பத்தாம் தேதி மாலை எழுதிக் கொடுத்தார்.